வங்கி முகாமையாளருக்குத் தவணையை மாற்றிக் கேட்டு எழுதும் கடிதம்: என் வரைவைப் பார்த்துச் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை அச்சகம்

வணக்கம். கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். ஒப்செட் இயந்திரம் வாங்குவதற்காக வங்கியில் 30 இலட்சம் ரூபாய் கடன் எடுத்தேன். ஐந்து ஆண்டுத் தவணை, 15 வீத வட்டி, மாதம் 71,370 ரூபாய். பாதிக் காலம் முடிந்துவிட்டது. இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. இன்னும் 1,776,300 ரூபாய் முதல் மீதி இருக்கிறது.

என் வேலையில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு ரியூஷன் நிலையங்களின் பாடக் குறிப்புகள்தான். இப்போது இரண்டு நிலையங்களும் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. மாத விற்பனை 325,000 ரூபாயிலிருந்து 215,000 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. அவற்றில் ஒன்று எனக்கு 380,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறது. கடைசி இரண்டு தவணைகளை வளையல்களை அடகு வைத்துத்தான் கட்டினேன். அடுத்த தவணைக்கு வழியில்லை.

நான் எழுதிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"நாட்டின் பொருளாதார நிலை காரணமாக எனது தொழில் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது. குடும்பத்தில் பல கஷ்டங்கள் உள்ளன. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து ஆறு மாதங்களுக்குத் தவணையை நிறுத்தி, அக்கால வட்டியைத் தள்ளுபடி செய்து உதவுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா? வேறு என்ன எழுத வேண்டும்?

காலி வீதி

சகோதரி, ஆறு மாத நிறுத்தம் உங்கள் உரிமை. மத்திய வங்கி எல்லா வங்கிகளுக்கும் அப்படித்தான் கட்டளையிட்டிருக்கிறது. என் தம்பிக்குக் கொடுத்தார்கள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மத்திய வங்கியின் அறிவித்தலைக் குறிப்பிட்டு எழுதுங்கள், முகாமையாளர் மறுக்க முடியாது.

மருதானை ஓட்டி

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன். என் முச்சக்கரவண்டி லீசிங்கில் இருக்கிறது, மூன்று தவணை பிந்திவிட்டது. வண்டியைத் தூக்கிவிடுவார்களோ என்று பயத்தில் இரவில் வேறு தெருவில் நிறுத்துகிறேன். வங்கி முகாமையாளருக்கு எழுதினால் லீசிங் கம்பனி நிறுத்துமா?

பேரேடு

ஓய்வுபெறும் வரை ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்தேன். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காலி வீதி சொல்வதில் பாதி உண்மை. 2020 மார்ச்சில் கொவிட் பரவியபோது ஆறு மாதச் சலுகைக் காலம் கொடுக்கும்படி மத்திய வங்கி வங்கிகளைக் கேட்டது உண்மைதான். பின்னர் சில தொழில்களுக்கு அது நீடிக்கப்பட்டது. தம்பிக்குக் கிடைத்தது அதுவாக இருக்கும். அது அந்தக் காலத்துக்குரிய திட்டம். இன்று உங்கள் கோரிக்கையைத் தனிக் கோப்பாகப் பார்ப்பார்கள். உரிமை என்று எழுதினால் முகாமையாளர் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார், பதில் வரவே மாதக் கணக்காகும்.

அடுத்தது, இந்தக் கடிதத்தை உண்மையில் யார் வாசிக்கிறார் என்பது. கிளை முகாமையாளருக்கு இதில் தனி அதிகாரம் பெரும்பாலும் இல்லை. உங்கள் கடிதத்தை வைத்து அவர் ஒரு குறிப்பு எழுதிப் பிரதேச அலுவலகத்துக்கோ தலைமையகத்துக்கோ அனுப்புவார். அங்கே முடிவெடுப்பவர் உங்கள் கடையையும் பார்த்ததில்லை, உங்களையும் பார்த்ததில்லை. அவர் மூன்று விடயங்களைத் தேடுவார். வருமானம் ஏன் குறைந்தது? இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும்? அந்தத் தொகையில் கடன் எப்போது முடியும்? உங்கள் வரைவில் இந்த மூன்றுமே இல்லை. இங்கே எழுதிய முதல் இரண்டு பந்திகளில் எல்லாம் இருக்கிறது! அதைத்தான் கடிதத்தில் போட வேண்டும்.

"நாட்டின் பொருளாதார நிலை" என்ற வரியை எடுத்துவிடுங்கள். வரும் கடிதங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும், வாசிப்பவர் தாண்டிப் போய்விடுவார். "இரண்டு வாடிக்கையாளர்கள் அச்சிடுவதை நிறுத்தியதால் மாதம் 110,000 ரூபாய் விற்பனை போனது" என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

வட்டித் தள்ளுபடியையும் கேட்காதீர்கள். தவணை பிந்தாத கணக்கில் எந்த அதிகாரியும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். முழு நிறுத்தமும் உங்களுக்கே நட்டம். இப்போது மாத வட்டி மட்டும் சுமார் 22,200 ரூபாய். ஆறு மாதம் ஒன்றும் கட்டாவிட்டால் 133,000 ரூபாய்க்கு மேல் மீதியில் ஏறிவிடும்.

மருதானைத் தம்பி, லீசிங் கம்பனி வேறு, வங்கி வேறு. உங்கள் கடிதம் அந்தக் கம்பனிக்கே போக வேண்டும். மூன்று தவணை பிந்திவிட்டதால் இன்றே போக வேண்டும். வண்டியை மறைத்து வைப்பது உதவாது. ஏதாவது ஒரு தொகையைக் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டைக் கடிதத்தோடு இணையுங்கள்.

நான்காம் குறுக்குத் தெரு

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். பேரேடு ஐயா சொல்வது சரி, ஆனால் ஒரு விடயத்தில் என் கருத்து வேறு. அடகு வைத்துத் தவணை கட்டியதை வங்கிக்குச் சொல்லக் கூடாது. கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் புதிதாக ஈடு கேட்பார்கள். வியாபாரத்தில் பலவீனத்தை நாமே திறந்து காட்டக் கூடாது.

பேரேடு

அண்ணா, சரக்கு வாங்கும்போது அது சரியாக இருக்கலாம். இங்கே மறைத்தால் கடிதமே நிற்காது. போன மாதம் வரை முழுத் தவணையும் நாள் தவறாமல் வந்திருக்கிறது. தலைமையகத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே, "போன மாதம் கட்டியவருக்கு இந்த மாதம் என்ன நடந்தது?" என்பதுதான். அதற்கு ஒரே நேர்மையான பதில், கடைசி இரண்டு தவணைகள் கடை வருமானத்திலிருந்து வரவில்லை என்பது. அடகுச் சீட்டின் பிரதியை இணைத்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

நடைமுறைக் கணக்குக் கூற்று வங்கியின் கையிலேயே இருக்கிறது. விற்பனைப் பணம் குறைந்ததும், தவணை நாளுக்கு முன் ஒரே தொகையாகக் காசு வந்து விழுந்ததும் அதில் தெரியும். நீங்கள் சொல்லாததை அவர்கள் பார்த்துவிட்டால், சொன்னதையும் சந்தேகிப்பார்கள். இதே காரணத்துக்காகத்தான் இன்னொன்றையும் கேட்கிறேன்: விற்பனைப் பணத்தை வேறு வங்கிக் கணக்கிலும் போடுகிறீர்களா? அப்படியானால் அந்தக் கூற்றையும் இணையுங்கள்.

இப்போது செலவுக் கணக்கைத் தாருங்கள். எவ்வளவு கட்ட முடியும் என்பதை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அச்சகம்

மிக்க நன்றி ஐயா. எல்லாப் பணமும் அந்த ஒரே கணக்கில்தான் போகிறது.

மாத விற்பனை 215,000. கடதாசி, மை, பிளேட் 80,000. கடை வாடகை 38,000. வேலை செய்யும் தம்பிக்குச் சம்பளம் 40,000. மின்சாரமும் சில்லறைச் செலவும் 10,000. மிஞ்சுவது 47,000. வீட்டுச் செலவு என் கணவரின் சம்பளத்தில் நடக்கிறது, அதிலிருந்து கடைக்கு எடுக்க முடியாது.

புதிதாக ஒரு மசாலாப் பொதியிடும் நிறுவனம் மாதாந்தம் லேபல் அச்சிடச் சொல்லி எழுத்தில் ஓடர் தந்திருக்கிறது. கடதாசிச் செலவு போக மாதம் 14,000 நிற்கும். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அச்சுகளைச் சரிப்படுத்துவதில் செலவு போய்விடும். இன்னொரு கடைக்காரரும் தருவதாக வாயால் சொல்லியிருக்கிறார்.

பேரேடு

வாயால் சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எழுத்தில் உள்ளதை மட்டும் எடுப்போம்.

மீதியை 48 மாதமாக மாற்றினால் தவணை ஏறத்தாழ 49,400. கையில் மிஞ்சுவதே 47,000, ஆகவே அது ஆகாது. 60 மாதமாக மாற்றினால் 42,300 வரும். கணக்குக்குப் பொருந்தும், ஆனால் இயந்திரத்தில் ஒரு ரோலர் பழுதானால் அந்த மாதமே தவணை தவறும். மாற்றி அமைத்த கடனில் முதல் ஆறு மாதத்துக்குள் தவறினால் மறுபடி கேட்டுப் போக முகமில்லாமல் போய்விடும். மிஞ்சுவது முழுவதையும் தவணையாக ஒப்புக்கொள்வதுதான் நான் பார்த்த கோப்புகளில் அதிகம் கவிழ்த்த விடயம். கடன்காரர் வங்கியை மகிழ்விக்கப் பெரிய தொகை சொல்வார், மூன்றாம் மாதம் விழுவார்.

ஆகவே இரண்டு படியாகக் கேளுங்கள். முதல் ஆறு மாதம் 30,000. இது வட்டியை முழுதாக மூடி, முதலிலும் மாதம் எட்டாயிரம் அளவில் குறைக்கும். வங்கிக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் மீதி ஏறவில்லை. ஏழாம் மாதத்தில் லேபல் வேலை நிலைத்திருக்கும், மிச்சம் 61,000 ஆகும். அப்போதிருந்து 54 மாதங்களுக்கு 44,200. மொத்தம் 60 மாதம்.

அந்த 380,000 ரூபாய் பாக்கியை வருமானமாகக் காட்ட வேண்டாம். கிடைத்தால் அதில் ஒரு பங்கை முதலுக்குக் கட்டுவேன் என்று எழுதலாம். ஆனால் எழுதுமுன், கடன் அனுமதிக் கடிதத்தில் முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் அறவிடப்படுமா என்று பாருங்கள்.

தெஹிவளை ஆசிரியை

மன்னிக்க வேண்டும், யாரும் இதைச் சொல்லவில்லையே! இப்போதுள்ளபடி மிச்சம் கட்டவேண்டியது 30 தவணை, சுமார் 2,141,000 ரூபாய். ஐயா சொல்லும் வழியில் 30,000 ரூபாய்ப் படி ஆறும் 44,200 ரூபாய்ப் படி ஐம்பத்து நான்கும் சேர்த்தால் 2,566,800. நாலேகால் இலட்சத்துக்கு மேல் கூடுதல் வட்டி. நான் வீட்டுக் கடனில் இதற்கு எதிர்மாறாகச் செய்தேன், நகையை விற்று முதலைக் குறைத்துக் காலத்தைச் சுருக்கினேன். அடகு வைத்த வளையல்களுக்கும் வட்டி ஓடுகிறது அல்லவா? அவற்றை விற்றுவிட்டால் என்ன?

பேரேடு

ஆசிரியையின் கணக்கு சரி. அந்தக் கூடுதல் வட்டிதான் இந்த மாற்றத்தின் விலை, அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும். வளையலை விற்பது குடும்பத்தின் முடிவு, நான் சொல்ல முடியாது. ஆனால் விற்றாலும் மாத வருமானம் 47,000 தான், தவணை 71,370 தான். சில மாதங்கள் தாங்கும், பிறகு இதே இடத்துக்கு வர வேண்டும்.

வட்டி வீதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அனுமதிக் கடிதத்தில் 15 வீதம் நிலையானதா, மாறும் வீதமா என்று பாருங்கள். 2023 ஜூன் முதல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களைக் குறைக்கத் தொடங்கியது. மாறும் வீதமாக இருந்தும் உங்கள் வட்டி இறங்காவிட்டால் அதைக் கேட்பது உங்கள் உரிமை. நிலையான வீதமாக இருந்தால் கோரிக்கையாகக் கேட்கலாம், அதையே நம்பித் தவணையைக் கணிக்கக் கூடாது.

காலி வீதி

சரி ஐயா, தம்பியின் விடயம் 2020 இல்தான் நடந்தது, கேட்டுப் பார்த்தேன். ஆனால் கிரிப்பில் பெயர் கறுப்புப் பட்டியலில் போய்விடும் என்று சொல்கிறார்களே? அப்படியானால் கடன் மாற்றம் கேட்பதே ஆபத்து அல்லவா?

பேரேடு

கிரிப்பில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. கடன் தகவல் பணியகம் வங்கிகள் தரும் விவரத்தைப் பதிந்து வைக்கிறது, கடன் கொடுப்பதா இல்லையா என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. தவணை எத்தனை நாள் பிந்தியது என்பது அங்கே தெரியும். கடன் மாற்றப்பட்டதையும் அடுத்த வங்கி கவனிக்கலாம், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 90 நாள் பிந்தினால் கடன் செயற்படாக் கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பிறகு கிளையில் உங்களோடு பேசுபவர்களே மாறிவிடுவார்கள், அறவிடும் பிரிவு வந்துவிடும். இந்தச் சகோதரிக்கு இன்னும் ஒரு நாளும் பிந்தவில்லை. இந்த நேரம்தான் கேட்க வேண்டிய நேரம்.

2024 இல் மத்திய வங்கி, இடரில் உள்ள தொழில்களுக்காக வணிகப் புத்துயிரளிப்பு அலகு ஒன்றை அமைக்கும்படி வங்கிகளுக்கு வழிகாட்டல் கொடுத்தது. உங்கள் கோப்பு அங்கே போகுமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை அச்சகம்

திருத்தி எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"முகாமையாளர் அவர்கட்கு,
கொட்டாஞ்சேனைக் கிளை.

கடன் கணக்கு இலக்கம் ........: தவணையை மாற்றியமைக்கும் கோரிக்கை

அச்சு இயந்திரம் வாங்குவதற்கு நான் பெற்ற 3,000,000 ரூபாய் கடனில் இதுவரை 30 தவணைகளை உரிய நாளில் செலுத்தியுள்ளேன். மீதி முதல் சுமார் 1,776,300 ரூபாய். அடுத்த மாதம் முதல் 71,370 ரூபாய் தவணையை முழுமையாகச் செலுத்த இயலாது என்பதைத் தவணை பிந்துவதற்கு முன்னரே தங்களுக்கு அறியத் தருகிறேன்.

எனது வாடிக்கையாளர்களான இரு கல்வி நிலையங்கள் பாடக் குறிப்புகளை அச்சிடுவதை நிறுத்திவிட்டன. இதனால் மாத விற்பனை 325,000 ரூபாயிலிருந்து 215,000 ரூபாயாகக் குறைந்துள்ளது. அந்த வேலை திரும்பி வரும் என நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி இரு தவணைகளை நகை அடகு வைத்தே செலுத்தினேன். செலவுகள் போக மாதம் 47,000 ரூபாய் மிஞ்சுகிறது. விவரம் இணைப்பில் உள்ளது.

லேபல் அச்சிடும் புதிய மாதாந்த வேலை ஒன்று எழுத்தில் கிடைத்துள்ளது. ஆறு மாதங்களுக்குள் அதிலிருந்து மாதம் 14,000 ரூபாய் மேலதிகமாகக் கிடைக்கும்.

ஆகவே முதல் 6 மாதங்களுக்கு 30,000 ரூபாயும், அதன் பின் 54 மாதங்களுக்கு சுமார் 44,200 ரூபாயும் செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் மொத்த வட்டி கூடும் என்பதை அறிவேன். கல்வி நிலையம் ஒன்றிடமிருந்து எனக்கு 380,000 ரூபாய் வரவேண்டியுள்ளது. அது கிடைத்தால் அதில் அரைப் பங்கை முதலுக்குச் செலுத்துவேன். விற்பனைப் பணம் முழுவதையும் தங்கள் கிளையில் உள்ள கணக்கிலேயே தொடர்ந்து வைப்பிலிடுவேன்.

தாங்கள் விரும்பும் நாளில் கடைக்கு வந்து இயந்திரத்தையும் கணக்குப் புத்தகங்களையும் பார்வையிடலாம்."

நான்காம் குறுக்குத் தெரு

நன்றாக வந்திருக்கிறது தங்கச்சி. "அந்த வேலை திரும்பி வரும் என நான் எதிர்பார்க்கவில்லை" என்ற வரி மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன்.

பேரேடு

அந்த வரியை எடுக்க வேண்டாம். வேலை திரும்பி வரும் என்று எழுதினால், அப்படியானால் ஆறு மாத உதவி போதுமே, ஏன் ஐந்து ஆண்டு என்று கேட்பார்கள். நிலையான குறைவுக்குத்தான் நீண்ட தவணை பொருந்தும்.

இரண்டு விடயங்கள் சேர்க்க வேண்டும். ஒன்று, இயந்திரம் இன்னும் ஐந்து ஆண்டு ஓடுமா என்பது. கடன் முடியுமுன் ஈடு தேய்ந்துவிடக் கூடாது என்று பார்ப்பார்கள். கடைசியாகப் பழுதுபார்த்த பற்றுச்சீட்டை இணைத்து, ஒரு வரி எழுதுங்கள். மற்றது பிணையாளர்கள். கடனின் நிபந்தனை மாறும்போது அவர்களும் மறுபடி கையெழுத்திட வேண்டிவரும். அவர்கள் சம்மதிக்கிறார்கள் என்ற வரி கடிதத்தில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். கடன் காப்புறுதி இருந்தால் அதன் காலத்தையும் நீட்ட வேண்டும், அதற்கு ஒரு கட்டணம் வரும்.

கடிதத்தில் இரு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் பெற்றுக்கொள்ளுங்கள். கோப்பு தலைமையகம் போகும் என்பதால் ஆங்கிலப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

கொட்டாஞ்சேனை அச்சகம்

ஐயா, பிணையாளர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அவர் வீடு கட்டக் கடன் எடுக்கும் ஆயத்தத்தில் இருக்கிறார். எனக்காகக் கையெழுத்திட்டது அவருடைய கடனுக்குத் தடையாகுமா என்று பயமாக இருக்கிறது. வங்கியே அவருக்குச் சொல்லட்டும் என்று விடலாமா?

தெஹிவளை ஆசிரியை

வங்கிக் கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தால் தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? முதலில் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

பேரேடு

நானும் அதைத்தான் சொல்வேன். பிணை நின்ற தொகை அவருடைய பொறுப்பாக ஏற்கெனவே பார்க்கப்படும், இன்று புதிதாக வருவதல்ல. அவருடைய வங்கி அதை எப்படி எடுக்கும் என்பது அந்த வங்கியைப் பொறுத்தது. அவர் மறுத்தால் வேறு பிணையாளரை ஏற்பார்களா என்று முகாமையாளரிடம் கேட்கலாம், ஆனால் பழையவரை விடுவிக்க வங்கி எளிதில் சம்மதிக்காது.

மருதானை ஓட்டி

ஒரு தவணையில் பாதியைக் கட்டிவிட்டு லீசிங் கம்பனிக்குக் கடிதம் கொடுத்தேன் ஐயா. முத்திரை போட்டுத் தந்தார்கள். வருமானக் கணக்குக் கேட்கிறார்கள். எனக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. நாளாந்த வருமானத்தை எப்படிக் காட்டுவது?

பேரேடு

செயலி மூலம் ஓடினால் அதிலுள்ள வாராந்தக் கணக்கை அச்சிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் இன்றிலிருந்து ஒரு கொப்பியில் ஓட்டமும் பெற்றோல் செலவும் எழுதுங்கள், பெற்றோல் பற்றுச்சீட்டுகளை ஒட்டி வையுங்கள். நாள்தோறும் கிடைப்பதை வங்கிக் கணக்கில் போட்டு எடுத்தால் அதுவே கூற்றாகிவிடும்.

கொட்டாஞ்சேனை அச்சகம்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். முகாமையாளர் என் முன்னாலேயே வாசித்தார். செலவு விவரத்தில் வாடகைக்கு மேல் விரலை வைத்து, வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டார். அடுத்த ஆண்டு முடிகிறது. ஒப்பந்தப் பிரதியும் லேபல் நிறுவனத்தின் கடிதமும் கொண்டுவரச் சொன்னார். புத்துயிரளிப்பு அலகுக்கு அனுப்பலாமா என்பதைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். முடிவு வரும் வரை முடிந்ததைக் கட்டும்படியும் சொன்னார். 30,000 கட்டலாம் என்றிருக்கிறேன். தங்கையின் கணவரிடம் ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன்.

பேரேடு

வாடகையைக் கேட்டது நல்ல அறிகுறி, கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அதற்கும் பதில் ஆயத்தமாக இருக்கட்டும்: வாடகை ஐயாயிரம் கூடினாலும் ஏழாம் மாதத்துக்குப் பின் 56,000 மிஞ்சும், 44,200 கட்டலாம். அதை இணைப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். 30,000 கட்டுவதானால் ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். அனுமதி எழுத்தில் வரும் வரை பழைய தவணைதான் நடைமுறையில் இருக்கும், ஆகவே மிச்சம் 41,370 பிந்திய தொகையாகப் பதியப்படும், தண்ட வட்டியும் ஓடும். மாற்றம் அனுமதிக்கப்படும்போது அந்தத் தொகையை என்ன செய்வார்கள் என்பதையும் அனுமதிக் கடிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.